டூட்டி மாற்றக் கேட்கும் கடிதம்

மருத்துவமனை வார்டில் டூட்டி மாற்றிக்கொள்ள இருவர் ஒத்துக்கொண்டால் மட்டும் போதாது. யாருடைய ஓய்வு குறைகிறது, எந்த வேளையில் ஆள் குறைகிறது என்று பார்த்துத்தான் இன்சார்ஜ் சிஸ்டர் அனுமதி தருவார். அந்தக் கணக்கைக் கேட்பவரே முன்கூட்டிப் போட்டுக் காட்டுவதே நல்ல கடிதம்.

காலை 7 முதல் 1, மதியம் 1 முதல் 7, இரவு 7 முதல் மறுநாள் காலை 7 என மூன்று வேளைகள் உள்ள ஒரு வார்டை எடுத்துக்கொள்வோம். மலருக்கு 14ஆம் தேதி, ஞாயிறு, நைட் டூட்டி. மறுநாள் வார விடுமுறைதான். ஆனால் அன்று காலை தங்கையின் கல்யாணம், அதுவும் வெளியூரில். 14ஆம் தேதி காலை டூட்டியில் இருக்கும் தேவி, இடம் மாறிக்கொள்ளச் சம்மதிக்கிறார்.

பலர் இதோடு கடிதம் எழுதிவிடுகிறார்கள். பட்டியலில் அடுத்த நாளைப் பார்த்தால் சிக்கல் தெரியும்: தேவிக்கு 15ஆம் தேதியும் காலை டூட்டி. இரவு முழுக்க விழித்தவர் காலை 7 மணிக்கு மறுபடி வேலையைத் தொடங்க வேண்டிவரும். மருந்து அளவு பிசகுவது இப்படிப்பட்ட களைப்பில்தான். எனவே மூன்றாவது ஆள் தேவை. 15ஆம் தேதி விடுமுறையில் இருக்கும் ரோஸி அன்று காலை வருகிறார். பதிலுக்கு அவருடைய 17ஆம் தேதி காலை டூட்டியை, அன்று விடுமுறையில் இருக்கும் தேவி பார்க்கிறார். யாருக்கும் டூட்டி எண்ணிக்கை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

கடிதத்தில் அது இவ்வளவுதான்:

“சிஸ்டர், 15 திங்கள் காலை என் தங்கையின் திருமணம். என் நைட் டூட்டியை (14 ஞாயிறு இரவு 7 முதல் 15 காலை 7 வரை) தேவி பார்ப்பார். அவருடைய 14 காலை டூட்டியை நான் பார்ப்பேன். தேவியின் 15 காலை டூட்டியை ரோஸியும், ரோஸியின் 17 புதன் காலை டூட்டியைத் தேவியும் பார்ப்பார்கள். இருவரும் சம்மதித்துக் கீழே கையெழுத்திட்டுள்ளனர். அனுமதி வேண்டுகிறேன்.”

நைட் டூட்டி இரண்டு தேதிகளில் கிடப்பதால் தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் அவசியம். ‘15ஆம் தேதி நைட்’ என்று எழுதினால் ஒருவர் ஒரு நாள் தள்ளி வந்து நிற்பார். காரணம் ஒரு வரி போதும். உடம்பு சரியில்லை என்றால் நோயை விவரிக்கத் தேவையில்லை. கேட்டுப் பார்த்தவரைச் சம்மதித்தவராக எழுதவே கூடாது.

எல்லாம் பொருந்தியும் அனுமதி கிடைக்காமல் போகலாம். ஐசியூவில் வென்டிலேட்டர் பார்க்கத் தெரிந்தவருக்குப் பதில் புதியவரை விட முடியாது. ஆகவே, அதே பயிற்சி உள்ளவரையே முதலில் கேட்க வேண்டும். இன்சார்ஜ் கையெழுத்திட்டு டூட்டி லிஸ்ட்டில் திருத்தும்வரை பழைய பட்டியலே செல்லும். அதற்குள் யாரும் வராவிட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அதில் பெயர் உள்ளவரே.