தொட்டி ஏன் கசிகிறது? வாஷர் இருக்கும் இடத்தைப் பாருங்கள்

மொட்டை மாடியில் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி உள்ள வீடுகளில், குழாய் வெளியே வரும் இடத்தைக் குனிந்து பார்த்தால் ஒரே காட்சிதான் பலமுறை கண்ணில் படும். குழாயின் கழுத்தைச் சுற்றி எப்பாக்ஸி பசையை உருட்டி அப்பியிருப்பார்கள். அதன் ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். அதற்கு நேர் கீழே தளத்தில் பாசி பிடித்திருக்கும். பசைக்கு மேல் பசை அப்பியும் ஈரம் நின்றபாடில்லை.

அந்தப் பசையால் கசிவை நிறுத்தவே முடியாது. தொட்டி பாலிஎதிலீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. அதன் மேற்பரப்பில் சாதாரணப் பசை எதுவும் உறுதியாகப் பிடிப்பதில்லை. பிவிசி குழாய்க்குப் பூசும் சால்வென்ட் சிமெண்டும் பிடிக்காது. சிலிக்கானும் சில வாரங்களில் தோலாக உரிந்து வரும். ஆகவே தொட்டிச் சுவரில் குழாய் பொருத்தும்போது ஒட்டுவதை நம்பாமல் அழுத்துவதை நம்ப வேண்டும். அதற்கென்றே செய்யப்பட்டதுதான் டேங்க் கனெக்டர். சில கடைகளில் டேங்க் நிப்பிள் என்று கேட்டாலும் தருவார்கள்.

இதில் மூன்றே பாகங்கள். ஒரு முனையில் அகன்ற காலரும் மீதி நீளத்துக்கு மரையும் கொண்ட குட்டைக் குழாய் ஒன்று. அந்த மரையில் ஏறும் செக் நட் ஒன்று. தட்டையான ரப்பர் வாஷர் ஒன்று. காலர் தொட்டிக்குள்ளே இருக்க, மரைப் பகுதி சுவரின் துளை வழியே வெளியே நீட்டும்; வெளியிலிருந்து நட்டை முடுக்கினால் சுவர் இரண்டுக்கும் நடுவில் இறுகும். இவ்வளவு எளிய பொருத்தம் ஏன் இத்தனை வீடுகளில் கசிகிறது? பெரும்பாலும் வாஷர் தவறான பக்கத்தில் இருப்பதால்தான்.

தண்ணீர் போகும் வழியை யோசித்துப் பாருங்கள். காலர், குழாயின் உடலோடு ஒன்றாக வார்க்கப்பட்டது. அவை இரண்டுக்கும் நடுவே இடைவெளி இல்லை. காலருக்கும் சுவருக்கும் நடுவே ரப்பரை வைத்து அழுத்திவிட்டால், தண்ணீர் துளைக்குள்ளேயே நுழையாது. நட்டின் கதை வேறு. அது சுழல வேண்டுமானால் மரைக்கும் அதற்கும் நடுவே மெல்லிய இடைவெளி இருந்தாக வேண்டும். வாஷரை வெளியே நட்டின் அடியில் மட்டும் போட்டால், காலரின் ஓரத்தில் நுழைந்த தண்ணீர் துளையை நிறைத்து, மரையின் பள்ளம் வழியே சுற்றிச் சுற்றி நட்டைக் கடந்து வெளியே வரும். நட்டை எவ்வளவு இறுக்கினாலும் அந்த வழி அடைபடாது. மரையில் டெஃப்லான் டேப் சுற்றினால் கசிவு குறையலாம். நம்பி இருக்க முடியாது. பிரஷர் குக்கரில் ஆவியை நிறுத்துவது ரப்பர் வளையம், மூடியின் வேலை அதை அழுத்திப் பிடிப்பது. இங்கும் நட்டு அழுத்துகிறது, ரப்பர் அடைக்கிறது.

சில இடங்களில் கைக்கு எட்டாததால் காலரை வெளியிலும் நட்டை உள்ளேயும் வைப்பார்கள். அப்போதும் விதி மாறாது. வாஷர் காலர் பக்கம்தான் இருக்க வேண்டும். ஆனால் காலர் உள்ளே இருப்பதில் இரண்டு நன்மைகள் உண்டு. தண்ணீரின் அழுத்தமே காலரைச் சுவரோடு சேர்த்துத் தள்ளும். பிறகு நட்டைச் சரிபார்க்க வேண்டுமானால் தொட்டியைத் திறக்கவும் வேண்டாம்.

ஒரு வேலையை முழுதாகப் பார்ப்போம். 1000 லிட்டர் உருளைத் தொட்டி, அதில் 1 அங்குல வெளியேற்றுக் குழாய் பொருத்த வேண்டும். 1 அங்குலம் என்பது குழாயின் பெயரளவு. அந்த அளவு மரையின் வெளி விட்டம் சுமார் 33 மி.மீ. வரும். எனவே துளைக்கு 35 மி.மீ. ஹோல் சா பொருத்தமானது. ஆனாலும் வாங்கி வந்த கனெக்டரை அளந்து பார்க்காமல் துளை போடக் கூடாது. பிளாஸ்டிக் கனெக்டர்களில் சிறு வேறுபாடு உண்டு. மரையை விட 1 அல்லது 2 மி.மீ. கூடுதலாக இருந்தால் போதும். அதற்கு மேல் பெரிதானால், வாஷர் உட்காரும் வளையம் குறுகி, முடுக்கும்போது ரப்பர் துளைக்குள் பிதுங்கிவிடும்.

துளை எங்கே? தரையிலிருந்து சுமார் 5 செ.மீ. மேலே, வரிப்பள்ளமோ மேடோ இல்லாத சமதளத்தில். பல தொட்டிகளில் இதற்கென்றே தட்டையான இடம் வார்த்திருப்பார்கள். இருந்தால் அதையே பயன்படுத்த வேண்டும். இல்லையென்றால் சுவரின் வளைவைக் கணக்கில் எடுக்க வேண்டும். தொட்டியின் விட்டம் 1 மீட்டர், காலரின் அகலம் 6 செ.மீ. என்றால், தட்டையான காலருக்கும் வளைந்த சுவருக்கும் நடுவே ஏறத்தாழ 1 மி.மீ. இடைவெளி விழும். 3 மி.மீ. தடிமனுள்ள மென்மையான ரப்பர் வாஷர் அந்த இடைவெளியைத் தானே நிரப்பிக்கொள்ளும். சைக்கிள் டியூபில் வெட்டிய மெல்லிய வாஷரால் அது முடியாது. காலரின் இடமும் வலமும் நன்றாக அழுந்தியிருக்கும். மேலும் கீழும் தண்ணீருக்கு வழி கிடைத்துவிடும்.

துளை போடும் விதம் இன்னும் முக்கியம். இரும்புக் குழாய்த் துண்டை அடுப்பில் பழுக்கக் காய்ச்சிச் சுவரில் குத்தி எடுக்கும் பழக்கம் இன்றும் இருக்கிறது. அப்படிப் போட்ட துளையின் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். உருகி வழிந்த பிளாஸ்டிக் ஒரு வரப்பாக உறைந்து, ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் தாழ்ந்தும் இருக்கும். வாஷர் அந்த வரப்பின் மேல் ஏறி நிற்கும், சுவரைத் தொடாது. ஹோல் சாவை டிரில்லில் மாட்டி மெதுவான வேகத்தில் ஓட்டினால் துளை வட்டமாக வரும். வேகமாக ஓட்டினால் அதுவும் பிளாஸ்டிக்கை உருக்கிவிடும். அறுத்து முடிந்ததும் உட்புற ஓரத்தில் நிற்கும் பிசிறுகளைக் கத்தியால் சீவி, வாஷர் உட்காரும் இடத்தைத் துணியால் துடைக்க வேண்டும். உள்ளே விழுந்த பிளாஸ்டிக் துருவல்களை அள்ளாமல் விட்டால் பிறகு அவை வால்வில் போய்ச் சிக்கும்.

புதுத் தொட்டியானால் இந்த வேலையை மேடையில் ஏற்றும் முன், தொட்டியைப் படுக்க வைத்துச் செய்வது எளிது. நிறுத்திய தொட்டியில் மேல் வாயிலிருந்து அடிவரை கை எட்டாது. அதற்கு ஒரு வழி உண்டு. துளை வழியே ஒரு கயிற்றை உள்ளே விட்டு, அதன் நுனியை மேல் வாய் வழியே எடுத்து, வாஷர் போட்ட கனெக்டரை அதில் கோத்து, பின்னால் ஒரு குச்சியைக் கட்டி, வெளியிலிருந்து இழுத்தால் மரை முனை தானாகத் துளைக்கு வந்து சேரும். ஆள் உள்ளே இறங்கித்தான் ஆக வேண்டுமென்றால் வெளியே ஒருவர் நிற்க வேண்டும். சால்வென்ட் சிமெண்டை உள்ளே திறக்கவே கூடாது.

முடுக்கும்போது சுழல வேண்டியது நட்டு மட்டும். உள்ளே காலரை ஒருவர் அசையாமல் பிடிக்க வேண்டும். காலர் சுழன்றால் அது ரப்பரையும் இழுத்துச் சுருட்டிவிடும். நட்டின் அடியில் தட்டையான பிளாஸ்டிக் வாஷர் ஒன்று போட்டால் அது சுவரைப் பிறாண்டாமல் சுழலும். முதலில் கையால் இறுகும் வரை, பிறகு ரெஞ்சால் அரைச் சுற்று. இது போதுமா என்ற சந்தேகம் வருவது இயல்பு. தொட்டியில் 1 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றாலும் அடியில் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 100 கிராம்தான். அதைத் தடுக்க முரட்டு பலம் தேவையில்லை. மிகையாக முடுக்கினால் ரப்பர் ஒரு பக்கமாகப் பிதுங்கும், பிளாஸ்டிக் காலரில் கீறல் விழும், சுவரும் நாளடைவில் நசுங்கும். காலரைச் சுற்றி ரப்பர் சமமாக லேசாக உப்பியிருந்தால் அழுத்தம் சரி. பாலிஎதிலீன் தொடர்ந்த அழுத்தத்தில் சற்று விட்டுக்கொடுக்கும் என்பதால் மறுநாள் நட்டைத் தொட்டுப் பார்த்து, தளர்ந்திருந்தால் கால் சுற்று ஏற்ற வேண்டும்.

இவ்வளவும் சரியாகச் செய்த பொருத்தத்தையும் பிறகு கெடுப்பது கீழிறங்கும் குழாயின் பாரம். தண்ணீர் நிறைந்த குழாயும் வால்வும் கனெக்டரில் தொங்கினால், காலரின் மேல் ஓரத்தில் ரப்பருக்கு அழுத்தம் மாறி மாறி வரும். தொட்டி நிறையும்போது சுவர் வெளியே உப்பும், வடியும்போது உள்ளே போகும். விறைப்பான குழாய் அதற்கு இடம் கொடுக்காது. ஆகவே கனெக்டருக்குப் பக்கத்திலேயே குழாயைக் கிளாம்ப் போட்டுச் சுவரிலோ மேடையிலோ தாங்க வைக்க வேண்டும். ஒரு எல்போ போட்டுத் திருப்பி இறக்கினால் சுவர் அசைய இடம் கிடைக்கும்.

சோதிக்கும்போது முதலில் கனெக்டர் மூழ்கும் அளவு மட்டும் தண்ணீர் விடுங்கள். வெளியே துடைத்துக் காய வைத்து, செய்தித்தாள் துண்டை நட்டைச் சுற்றிக் கட்டி ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள். காகிதம் காய்ந்தே இருந்தால் தொட்டியை நிறைத்து மறுநாள் காலை வரை விடலாம். ஈரம் தெரிந்தால் அது எங்கே தொடங்குகிறது என்பது காரணத்தைச் சொல்லும். நட்டுக்கும் சுவருக்கும் நடுவிலோ, நட்டைத் தாண்டிய மரையிலோ துளி திரண்டால் உள்ளே வாஷர் சரியாக உட்காரவில்லை. குழாய் கனெக்டரில் சேரும் வாயில் திரண்டால் வாஷரைக் குறை சொல்ல வேண்டாம். அந்த இணைப்பின் டெஃப்லான் டேப்பையோ பசையையோ பாருங்கள். நொடிக்கு ஒரு சொட்டு என்றால்கூட நாளைக்கு 4 லிட்டருக்கு மேல் போகும். அதை விட, எப்போதும் நனைந்திருக்கும் மேல்தளம் உள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும்.

ஏற்கெனவே கசியும் பொருத்தத்தில், நட்டை மேலும் திருகுவதற்கு முன் தண்ணீரை இறக்கிவிட்டுக் கழற்றிப் பாருங்கள். வாஷர் பக்கம் மாறியிருந்தால் புது ரப்பர் ஒன்றோடு வேலை முடிந்தது. துளை கோணலாகவோ பெரிதாகவோ இருந்தால் 1¼ அங்குல கனெக்டருக்கு மாறி, ஓரம் முழுதும் வெட்டுப்படும்படி 44 மி.மீ. அளவில் புதிதாக அறுக்கலாம். பழைய துளையில் ஹோல் சாவின் நடு டிரில் பிடிக்க இடமிருக்காது என்பதால், அதே அளவில் துளையிட்ட பிளைவுட் பலகையைச் சுவரில் அழுத்திப் பிடித்து அதை வழிகாட்டியாக வைக்க வேண்டும். துளையிலிருந்து சுவரில் விரிசல் ஓடியிருந்தால் எந்த வாஷரும் உதவாது. அந்தத் துளையைக் கைவிட்டு, விரிசலைப் பிளாஸ்டிக் வெல்டிங் தெரிந்தவரிடம் கொடுத்து மூடி, தொட்டியின் வேறு பக்கத்தில் புதுத் துளை போடுவதே சரி.