டேங்க் நிரம்பிய இடத்திலிருந்து மைலேஜ் கணக்கு

மைலேஜ் கணக்குக்கு வேண்டியவை மூன்று: பெட்ரோல் போட்டபோது ஓடோமீட்டர் காட்டிய எண், போட்ட லிட்டர், டேங்க் நிரம்பியதா இல்லையா என்ற குறிப்பு. மூன்றாவதைத்தான் பலரும் எழுதி வைப்பதில்லை. கணக்கு கெடுவதும் அங்கேதான்.

டேங்கில் எத்தனை லிட்டர் மிச்சம் என்பதை மீட்டர் முள் தோராயமாகத்தான் காட்டும். உறுதியாகத் தெரியும் ஒரே நிலை, நிரம்பிய நிலை. ஒருமுறை நிரப்பி, வண்டியை ஓட்டி, மறுபடி அதே மட்டத்துக்கு நிரப்பினால், இரண்டாம் முறை போட்ட லிட்டர்தான் இடையில் எரிந்தது. ஆகவே முதன்முதலில் நிரப்பிய லிட்டர் கணக்கில் சேராது. அப்போதைய ஓடோமீட்டர் எண் மட்டும் சேரும்.

ஒரு பைக் 12,400 கிலோமீட்டரில் டேங்க் நிரப்பப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். 12,652-இல் 5 லிட்டர் போட்டதும் டேங்க் நிரம்புகிறது. 12,800-இல் அவசரத்துக்கு 2 லிட்டர் மட்டும். 13,012-இல் 5.5 லிட்டருக்கு நிரம்புகிறது, 13,222-இல் 4.4 லிட்டருக்கு நிரம்புகிறது.

முதல் 252 கிலோமீட்டருக்கு 5 லிட்டர், லிட்டருக்கு 50.4. அடுத்த 148 கிலோமீட்டரை அந்த 2 லிட்டரால் வகுத்தால் 74 வரும். எந்த மெக்கானிக்கும் நம்பமாட்டார். அதற்கடுத்தது 38.5 என்று விழும். இப்படி ஒன்று ஏறி அடுத்தது இறங்கினால், இடையில் டேங்க் நிரம்பவில்லை என்று பெரும்பாலும் முடிவு செய்துவிடலாம்; இன்ஜினைச் சந்தேகிக்க அவசரமில்லை. அரைகுறையாகப் போட்டதை அடுத்த முழு நிரப்பலோடு கூட்டினால் 360 கிலோமீட்டருக்கு 7.5 லிட்டர், அதாவது 48. கடைசிக் கட்டம் 47.7.

மொத்தத்துக்கு, தனித்தனி மைலேஜ்களைக் கூட்டிச் சராசரி எடுக்கக் கூடாது. அந்த 74-ஐயும் 38.5-ஐயும் அப்படியே சேர்த்தால் சராசரி 53-ஐ நெருங்கும். மொத்தத் தூரம் 822, மொத்த லிட்டர் 16.9, வகுத்தால் 48.6. இதுதான் சரி.

பல நிரப்பல்களைச் சேர்ப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. நிரப்பும் மட்டம் ஒவ்வொரு முறையும் சற்று மாறும். பைக்கை சைடு ஸ்டாண்டில் சாய்த்து நிரப்பினால் இன்னும் மாறும். 0.4 லிட்டர் பிசகு, 5 லிட்டர் கணக்கில் 8 சதவீதம், 16.9 லிட்டரில் இரண்டரை சதவீதம்கூட இல்லை. நடுவில் நடந்த பிசகுகள் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். முதல் மட்டமும் கடைசி மட்டமும் ஒத்திருந்தால் போதும். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி நிரப்புவது நல்லது.

கிலோமீட்டர் செலவுக்கு, பில்லில் உள்ள ரூபாயைக் கூட்டி அதே 822-ஆல் வகுக்க வேண்டும். முதல் நிரப்பலின் பணம் இங்கும் சேராது. லிட்டர் 100 ரூபாய் என்றால் மொத்தம் 1,690 ரூபாய். கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 2 ரூபாய் 6 காசு. தினமும் 30 கிலோமீட்டர் ஓடுபவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 62 ரூபாய். ஆயில், டயர், சர்வீஸ் செலவு இதில் அடங்காது.