மாறுகுறித் தொடரை இடையில் நிறுத்துதலும் விடுபட்ட முதல் உறுப்பு தரும் பிழை வரம்பும்

ஆய்வுச் சுருக்கம்

கூட்டலும் கழித்தலும் மாறி மாறி வரும் முடிவிலித் தொடரைச் சில உறுப்புகளோடு நிறுத்தும்போது ஏற்படும் பிழை, விடுபட்ட உறுப்புகளுள் முதலாவதன் அளவை மிஞ்சுவதில்லை. இந்த வரம்பு எதனால் கிடைக்கிறது என்பதையும், ஒரு வரையறுத்த தொகையின் மதிப்பைக் கணிக்க அது எவ்வாறு பயன்படுகிறது என்பதையும், எந்த நிபந்தனை தவறினால் அது பொய்க்கும் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

முன்னுரை

முடிவிலித் தொடரின் எல்லா உறுப்புகளையும் கூட்ட இயலாது. எங்கேனும் ஓரிடத்தில் நிறுத்தியே ஆக வேண்டும். நிறுத்திய இடத்தில் கிடைக்கும் பகுதிக் கூடுதல் உண்மை மதிப்பிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை, அந்த உண்மை மதிப்பை அறியாமலேயே சொல்ல வேண்டியிருக்கிறது. பெரும்பாலான தொடர்களில் இதற்குத் தனியே ஒரு கணக்கீடு தேவைப்படும். மாறுகுறித் தொடர்களிலோ, அடுத்து வரவிருந்த உறுப்பே அந்த விடையைத் தந்துவிடுகிறது.

வரம்பு பிறக்கும் விதம்

a₁ − a₂ + a₃ − a₄ + … என்னும் தொடரை எடுத்துக்கொள்வோம். இதில் a₁, a₂, a₃ ஆகிய யாவும் மிகை எண்கள். இவை இரண்டு நிபந்தனைகளை நிறைவு செய்ய வேண்டும். ஒன்று, ஒவ்வோர் உறுப்பும் தனக்கு முந்தையதைவிடப் பெரிதாக இருத்தல் கூடாது. மற்றொன்று, உறுப்புகள் சுழியத்தை நெருங்க வேண்டும். லைப்னிட்சின் பெயரால் வழங்கும் ஒருங்கல் சோதனையின் நிபந்தனைகளும் இவையே.

முதல் பகுதிக் கூடுதல் a₁ ஆகும். அதிலிருந்து a₂ கழிக்கப்படும்போது கூடுதல் கீழே இறங்குகிறது. a₃ சேரும்போது மேலே ஏறுகிறது. a₃ என்பது a₂-ஐ விடப் பெரிதன்று. ஆகவே ஏற்றம் முந்தைய இறக்கத்தைத் தாண்டாது. அடுத்த இறக்கமும் இந்த ஏற்றத்தைத் தாண்டாது. இவ்வாறு ஒற்றைப்படைக் கூடுதல்கள் மேலிருந்து படிப்படியாக இறங்க, இரட்டைப்படைக் கூடுதல்கள் கீழிருந்து படிப்படியாக ஏறுகின்றன. இரண்டுக்கும் இடையிலான இடைவெளி உறுப்பின் அளவே ஆதலால் அது சுழியத்தை நோக்கிச் சுருங்குகிறது. தொடரின் மதிப்பாகிய S, அடுத்தடுத்த எந்த இரு கூடுதல்களை எடுத்தாலும் அவற்றின் இடையில் சிக்கியிருக்கும்.

n உறுப்புகளோடு நிறுத்திய கூடுதலை Sₙ எனக் கொண்டால், Sₙ-க்கும் Sₙ₊₁-க்கும் உள்ள தொலைவு aₙ₊₁ ஆகும். S இவ்விரண்டுக்கும் இடையில் இருப்பதால்,

|S − Sₙ| ≤ aₙ₊₁

என்பது பெறப்படுகிறது. பிழையின் அளவோடு அதன் திசையும் தெரிந்துவிடுகிறது. கூட்டல் உறுப்போடு நிறுத்தினால் கிடைத்த மதிப்பு உண்மையைவிட மிகும். கழித்தல் உறுப்போடு நிறுத்தினால் குறையும்.

எண்வழி எடுத்துக்காட்டு

இயல்நிலைப் பரவலின் நிகழ்தகவுகளைக் கணிக்கையில் e^(−x²) என்னும் சார்பின் தொகை தேவைப்படுகிறது. இதன் தொகையை அடிப்படைச் சார்புகளால் எழுத முடியாது. ஆனால் இச்சார்பைத் தொடராக விரித்து, 0 முதல் 1 வரை உறுப்பு உறுப்பாகத் தொகையிட்டால் பின்வரும் தொடர் கிடைக்கிறது.

I = 1 − 1/3 + 1/10 − 1/42 + 1/216 − 1/1320 + 1/9360 − …

பகுதி எண்கள் 2k+1, k! ஆகியவற்றின் பெருக்கங்கள், k என்பது 0, 1, 2 எனத் தொடர்கிறது. அவை இடைவிடாது வளர்வதால் இரு நிபந்தனைகளும் நிறைவேறுகின்றன. I-இன் மதிப்பை 0.0005-க்கு மேற்படாத பிழையோடு காண வேண்டும் என்று கொள்வோம்.

ஐந்து உறுப்புகளோடு நிறுத்தினால் விடுபட்ட முதல் உறுப்பு 1/1320, அதாவது ஏறத்தாழ 0.00076. இது போதாது. ஆறு உறுப்புகளோடு நிறுத்தினால் விடுபடுவது 1/9360, ஏறத்தாழ 0.000107. இது போதும். கூட்டத் தொடங்கும் முன்பே எத்தனை உறுப்புகள் தேவை என்பது இவ்வாறு முடிவாகிவிடுகிறது. இனிக் கூடுதல்கள்:

S₁ = 1.000000
S₂ = 0.666667
S₃ = 0.766667
S₄ = 0.742857
S₅ = 0.747487
S₆ = 0.746729

ஆறாவது உறுப்பு கழித்தல் உறுப்பு. எனவே உண்மை மதிப்பு 0.746729-க்குக் குறையாது, அதனோடு 0.000107-ஐக் கூட்டிய 0.746836-ஐ மிஞ்சாது. இவ்விரு எல்லைகளையும் மூன்று தசம இடங்களுக்கு முழுமைப்படுத்தினால் 0.747 என்றே வருகிறது. ஆகவே I ≈ 0.747 என்பதில் மூன்று இலக்கங்களும் உறுதியானவை. எல்லைகள் இரண்டும் ஒரே எண்ணுக்கு முழுமையாகின்றனவா என்று பார்த்த பின்னரே இவ்வாறு கூற இயலும், பிழை 0.0005-க்குக் குறைவு என்பது மட்டும் அதற்குப் போதாது. I-இன் மதிப்பு ஆறு இலக்கங்களுக்கு 0.746824. உண்மையான பிழை ஏறத்தாழ 0.000095, அது 0.000107 என்னும் வரம்புக்குள் அடங்குகிறது.

இங்கு ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். மேற்கண்ட வரம்பு, தொடரை நிறுத்தியதால் வரும் பிழைக்கு மட்டுமே உரியது. உறுப்புகளை நான்கு தசம இடங்களுக்கே எழுதிக் கூட்டினால், முழுமைப்படுத்தப்படும் நான்கு உறுப்புகளும் சேர்ந்து 0.0002 வரை பிழையைக் கொண்டுவரக்கூடும். அது நிறுத்தற் பிழையின் வரம்பைவிடப் பெரிது. எனவே இடைக்கணக்கீட்டில் ஆறு அல்லது ஏழு இலக்கங்களை வைத்துக்கொள்வது தேவையாகிறது.

நிபந்தனை தவறும் இடம்

குறிகள் மாறி வருவதும் உறுப்புகள் சுழியத்தை நெருங்குவதும் மட்டும் இருந்தால் போதும் என்று கருதுவது தவறு. பின்வரும் தொடர் இதைக் காட்டும்.

1 − 1/3 + 1/2 − 1/9 + 1/4 − 1/27 + 1/8 − …

இதன் கூட்டல் உறுப்புகள் ஒரு பெருக்குத் தொடராகி 2 என்னும் மதிப்பைத் தருகின்றன. கழித்தல் உறுப்புகள் 1/2-ஐத் தருகின்றன. ஆகவே தொடரின் மதிப்பு 1.5. ஆறு உறுப்புகளோடு நிறுத்தினால் கூடுதல் ஏறத்தாழ 1.2685, பிழை 0.2315. விடுபட்ட முதல் உறுப்போ 0.125 மட்டுமே. வரம்பு இங்கே பொய்த்துவிடுகிறது. 1/27-க்குப் பின் அதனினும் பெரிய 1/8 வருவதால் ஏற்றம் முந்தைய இறக்கத்தைத் தாண்டிவிடுகிறது. மதிப்பு இரு கூடுதல்களுக்கு இடையில் சிக்குவதில்லை.

மாறாக, தொடக்கத்தில் சில உறுப்புகள் வளர்ந்து, பிறகு குறையத் தொடங்கினால் தடையில்லை. மேற்கண்ட தொகையின் மேல் எல்லையை 1-க்குப் பதிலாக 2 எனக் கொண்டால் உறுப்புகளின் அளவுகள் 2, 2.667, 3.2 என வளர்ந்து, அதன் பின் 3.048, 2.370 எனக் குறைகின்றன. மூன்றாம் உறுப்பிலிருந்து நிபந்தனை நிறைவேறுவதால், அதற்குப் பின் எங்கு நிறுத்தினாலும் வரம்பை நம்பலாம். ஆனால் 0.0005 என்னும் அதே துல்லியத்திற்கு இப்போது பதினான்கு உறுப்புகள் வேண்டும். பதினைந்தாம் உறுப்புதான் முதன்முதலாக 0.0005-க்குக் கீழே, ஏறத்தாழ 0.0002 ஆக அமைகிறது.

முடிவுரை

விடுபட்ட முதல் உறுப்பு பிழையின் மேல்வரம்பாவது, தொடரின் மதிப்பு அடுத்தடுத்த இரு கூடுதல்களுக்கு இடையில் அடைபடுவதால்தான். அந்த அடைப்பைத் தருவது குறிமாற்றம் மட்டுமன்று. நிறுத்தும் இடத்திற்குப் பின்னர் உறுப்புகள் இடைவிடாது குறைந்து வருவதும் ஆகும். ஆகவே வரம்பை எடுத்தாளும் முன் விடுபட்ட உறுப்பின் அளவோடு, அதற்குப் பின்வரும் உறுப்புகளின் போக்கையும் சரிபார்த்தல் வேண்டும்.