ஊரறியச் சொல்லும் முன் ஒரு வெள்ளோட்டம்

ஒரு புத்தகக் கடை தன் இணையதளத்தைப் புதிய சர்வருக்கு மாற்றுகிறது. கோப்புகளும் டேட்டாபேஸும் போய்ச் சேர்ந்துவிட்டன. டிஎன்எஸ் பதிவில் இருப்பது மட்டும் இன்னும் பழைய சர்வரின் ஐபி முகவரி. அதை மாற்றிவிட்டுத்தான் சோதிப்பது என்றால், ஏதாவது கோளாறு இருந்தால் முதலில் பார்ப்பவர் வாடிக்கையாளர்தான். அவசரமாகப் பழைய முகவரியைத் திரும்பப் போட்டாலும் எல்லோருக்கும் உடனே சரியாகிவிடாது. வழியிலுள்ள டிஎன்எஸ் சர்வர்கள் கேட்டு வைத்த விடையைக் கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருக்கும்.

புதிய சர்வரின் ஐபி எண்ணையே பிரவுசரில் தட்டிப் பார்க்கலாமே என்று தோன்றும். பெரும்பாலும் அது பலிக்காது. ஒரே எண்ணில் பல தளங்கள் குடியிருக்கும் அடுக்குமாடி வீடு போன்றது சர்வர். பிரவுசர் எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்கிறதோ, அந்தத் தளத்தைத்தான் அது எடுத்துக் கொடுக்கும். வெறும் எண்ணோடு போனால் வேறு யாருடைய தளமோ, வெற்றுப் பக்கமோ வந்து நிற்கும்.

ஆகவே தளத்தின் சொந்தப் பெயரிலேயே புதிய சர்வருக்குப் போக வேண்டும். அதுவும் நம் கணினி மட்டும். அதற்கு உதவுவது ஹோஸ்ட்ஸ் கோப்பு. 1983-இல் டிஎன்எஸ் அறிமுகமாவதற்கு முன், வலையமைப்பிலிருந்த கணினிகளின் பெயர்களும் எண்களும் இப்படி ஒரு பட்டியலில்தான் இருந்தன. அந்தப் பழைய ஏற்பாடு இன்னும் ஒவ்வொரு கணினியிலும் இருக்கிறது. வழக்கமான அமைப்பில், டிஎன்எஸ்ஸைக் கேட்கும் முன் கணினி இதைத்தான் புரட்டும்.

விண்டோஸில் நோட்பேடை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, அதற்குள்ளிருந்து இந்தக் கோப்பைத் திறக்க வேண்டும்:

```
C:\Windows\System32\drivers\etc\hosts
```

லினக்ஸிலும் மேக்கிலும் அது `/etc/hosts`. அதன் கடைசியில் இரண்டு வரிகளைச் சேர்க்கிறோம். எண்ணும் பெயரும் இங்கே மாதிரிக்குத்தான்:

```
203.0.113.25  example.com
203.0.113.25  www.example.com
```

`www` உள்ள பெயருக்கும் இல்லாத பெயருக்கும் தனித்தனி வரி வேண்டும். ஒன்றை எழுதினால் மற்றதும் சேர்ந்து வராது. நோட்பேட் தானாக `.txt` என்று வால் ஒட்டி `hosts.txt` ஆகச் சேமித்துவிட்டால், விண்டோஸ் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. சேமித்த பிறகு `ipconfig /flushdns` கட்டளை கொடுத்து, பிரவுசரை முழுக்க மூடித் திறக்க வேண்டும்.

இப்போது தெரிகிற தளம் பழையதா, புதியதா? இரண்டும் ஒரே மாதிரி இருப்பதால் கண்ணை நம்ப முடியாது. `ping example.com` கொடுத்தால் முதல் வரியிலேயே புதிய எண் தெரிய வேண்டும். அதன் பிறகு பதில் வராவிட்டாலும் பரவாயில்லை. `nslookup` மட்டும் பழைய எண்ணையே காட்டும். அது ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பார்க்காமல் நேராக டிஎன்எஸ்ஸைக் கேட்பதால் அப்படித்தான் காட்ட வேண்டும். இன்னும் உறுதி வேண்டுமென்றால், புதிய சர்வரில் மட்டும் `pudhusu.txt` என்று ஒரு சின்னக் கோப்பை வைத்து, அதைப் பிரவுசரில் திறந்து பார்க்கலாம். 404 வந்தால் நீங்கள் இன்னும் பழைய சர்வரில்தான் இருக்கிறீர்கள்.

அடுத்து வரும் தொல்லை, பூட்டுக் குறிக்குரிய பாதுகாப்புச் சான்றிதழ். புதிய சர்வரில் அது இல்லையென்றால் பிரவுசர் எச்சரிக்கும். அங்கிருந்தே லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ் கேட்டால், வழக்கமான முறையில் அது கிடைக்காது. சரிபார்க்க வருபவர்கள் பொது டிஎன்எஸ்ஸைப் பார்த்துப் பழைய சர்வருக்குத்தான் போவார்கள். உங்கள் ஹோஸ்ட்ஸ் கோப்பு அவர்களுக்குத் தெரியாது. பழைய சான்றிதழையும் அதன் தனிச் சாவியையும் புதிய சர்வருக்குக் கொண்டுபோகலாம். அல்லது டிஎன்எஸ்ஸில் ஒரு டிஎக்ஸ்டி பதிவு சேர்த்துச் சரிபார்க்கும் முறையைத் தேர்ந்தெடுக்கலாம்.

கடையில் ஒரு சோதனை ஆர்டர் போடும் முன், புதிய தளத்தின் அமைப்புக் கோப்பில் டேட்டாபேஸ் முகவரி என்னவென்று பார்க்க வேண்டும். அது பழைய டேட்டாபேஸையே சுட்டிக்கொண்டிருந்தால், உங்கள் பொய் ஆர்டர் உண்மையான கணக்கில் ஏறிவிடும். பணம் கட்டும் சேவையும் மின்னஞ்சலும் நிஜமாகவே இயங்கும் என்பதால், அவற்றையும் சோதனை நிலைக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

எல்லாம் சரியென்றால் பொதுப் பதிவை மாற்றலாம். உடனே ஹோஸ்ட்ஸ் கோப்பில் சேர்த்த இரண்டு வரிகளையும் எடுத்துவிட வேண்டும். வரி முன்னால் `#` போட்டாலும் போதும். மறந்துவிட்டால், பொதுப் பதிவில் எண்ணைத் தப்பாகத் தட்டியிருந்தாலும் உங்கள் திரையில் தளம் ஒழுங்காகவே திறக்கும், வாடிக்கையாளருக்கு மட்டும் திறக்காது.