இந்தப் பத்து லட்சம் பத்து லட்சம் இல்லை

ஜமுனாமரத்தூர்

அன்பு மாணவிக்கு,

உன் வணிகக் கணித விடைத்தாளைத் திருத்திவிட்டேன். மற்ற பாடங்களில் தடுமாற்றம் இல்லை. நிதியியல் கணிதத்தில்தான் மதிப்பெண் சரிந்திருக்கிறது. லாட்டரிக் கணக்குக்கு "10 லட்சம்" என்று விடை எழுதி, அதை அடித்து, பக்கத்தில் சூத்திரத்தை எழுதி, அதையும் அடித்திருக்கிறாய். சூத்திரத்தை இன்னொரு தடவை மனப்பாடம் பண்ணு என்று சொல்லப் போவதில்லை. கணக்கு என்ன கேட்கிறது என்று பிடிபட்டுவிட்டால் சூத்திரம் இல்லாமலே போட்டுவிடலாம். ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்.

கேள்வி இதுதான். ஒருவருக்கு லாட்டரியில் 10 லட்சம் ரூபாய் விழுகிறது. ஆனால் மொத்தமாகத் தர மாட்டார்கள். இன்று 2 லட்சம், அடுத்த நான்கு வருடமும் வருடத்துக்கு 2 லட்சம். வட்டி ஆண்டுக்கு 8 சதவீதம், கூட்டு வட்டி. இந்தப் பரிசின் இன்றைய மதிப்பு என்ன?

(லாட்டரி என்றதும் உங்கள் வீட்டில் யாரும் சீட்டு தேடிக் கிளம்ப வேண்டாம். தமிழ்நாடு அரசே 1968-இல் பரிசுச் சீட்டு நடத்தியது உண்மைதான். 2003 ஜனவரியில் மாநிலம் முழுக்க லாட்டரிக்குத் தடை வந்துவிட்டது. நமக்குக் கணக்கு போதும்.)

ஐந்து தவணை, தவணைக்கு 2 லட்சம், ஆகவே 10 லட்சம் என்று நீ கூட்டியிருக்கிறாய். கூட்டல் தப்பில்லை. ஆனால் கூட்டக் கூடாதவற்றைக் கூட்டியிருக்கிறாய். நாலு வருடம் கழித்து வரப்போகும் 2 லட்சமும் இன்று கையில் இருக்கும் 2 லட்சமும் ஒரே தொகை இல்லை. கையில் இருப்பதை இன்றே வங்கியில் போட்டால் நாலு வருடத்தில் அது வட்டியோடு வளர்ந்திருக்கும். விலைவாசி ஏறுவதால்தான் இப்படி என்று வகுப்பில் ஒருவர் சொன்னார். விலைவாசி துளியும் ஏறாவிட்டாலும், வட்டி கிடைக்கிற வரைக்கும் இந்த வித்தியாசம் இருக்கும்.

அதனால் ஒவ்வொரு தவணையையும் தனியாக எடுத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேள்: அந்த நாளில் 2 லட்சம் கையில் இருக்க வேண்டுமென்றால் இன்று வங்கியில் எவ்வளவு போட வேண்டும்? அந்தத் தொகைதான் அந்தத் தவணையின் தற்போதைய மதிப்பு.

முதல் தவணை இன்றே வருகிறது, அதனால் அது முழு 2,00,000. அடுத்தது ஒரு வருடம் கழித்து. இன்று போடுகிற பணம் ஒரு வருடத்தில் 1.08 மடங்காகும் என்பதால் 2,00,000-ஐ 1.08-ஆல் வகுத்தால் 1,85,185. மூன்றாவது தவணைக்கு அந்த விடையையே மறுபடி 1.08-ஆல் வகு: 1,71,468. இப்படியே நான்காவது 1,58,766, ஐந்தாவது 1,47,006. எல்லாமே இப்போது இன்றைய ரூபாய் ஆகிவிட்டன, இனிக் கூட்டலாம். 8,62,425 ரூபாய். "10 லட்சம் பரிசு" என்று சொல்லப்பட்டதன் இன்றைய மதிப்பு இவ்வளவுதான்.

இந்த விடையை நம்ப வேண்டாம், சோதித்துப் பார். 8,62,425 ரூபாயோடு ஒரு வங்கிக் கணக்கு தொடங்கியதாக வைத்துக்கொள். இன்றே 2 லட்சம் எடு, மீதி 6,62,425. வருடக் கடைசியில் வட்டியோடு 7,15,419. 2 லட்சம் எடு, 5,15,419. அடுத்த வருடம் அது 5,56,653, எடுத்தபின் 3,56,653. அதற்கடுத்து 3,85,185, எடுத்தபின் 1,85,185. கடைசி வருடம் அது சரியாக 2,00,000 ஆகும். அதையும் எடுத்தால் கணக்கில் பைசா இல்லை. லாட்டரிக்காரர் தருகிற ஐந்து தவணைகளையும் இந்த ஒரு கணக்கே தந்துவிடுகிறது. தேர்வு அறையில் சந்தேகம் வந்தால் ஓரத்தில் இப்படி எழுதிப் பார். கடைசியில் பணம் மிஞ்சினாலோ போதாமல் போனாலோ எங்கோ வழுக்கியிருக்கிறாய் என்று அர்த்தம்.

வழுக்குகிற இடம் பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று, 8 சதவீதம் என்றதும் 2 லட்சத்தில் 8 சதவீதத்தைக் கழித்து 1,84,000 என்று எழுதுவது. 1,84,000-ஐ வங்கியில் போட்டால் வருடக் கடைசியில் 1,98,720-தான் ஆகும். 1,280 ரூபாய் துண்டு விழும். கழிக்கக் கூடாது, வகுக்க வேண்டும். மற்றது, முதல் தவணை எப்போது வருகிறது என்று பார்க்காமல் சூத்திரத்தில் இறங்குவது. நீ எழுதி அடித்த சூத்திரம், ஒவ்வொரு தவணையும் வருடக் கடைசியில் வரும்போது பயன்படுவது. அதன்படி போட்டால் 7,98,542 வரும். நம் கணக்கில் முதல் பணம் இன்றே கைக்கு வருகிறது. அந்த ஒரு வருட வித்தியாசத்தின் விலை 63,883 ரூபாய். அதனால்தான் கேள்வியில் "இன்று" என்ற சொல்லுக்கு அடியில் கோடு போடச் சொல்கிறேன்.

நம் பக்கத்தில் யாரும் லாட்டரிப் பரிசைத் தவணையில் தருவதில்லை, கேரள அரசு லாட்டரியில் கூடப் பரிசை மொத்தமாகத்தான் தருகிறார்கள். தவணை வழக்கம் அமெரிக்காவில் உண்டு. 2022 நவம்பரில் பவர்பால் என்கிற லாட்டரியில், கலிபோர்னியாவில் விற்ற ஒரே சீட்டுக்கு 204 கோடி டாலர் விழுந்தது. உலகமெங்கும் செய்தியில் வந்தது அந்த 204 கோடிதான். அது 30 தவணைகளின் கூட்டுத்தொகை: முதல் தவணை உடனே, மீதி 29 வருடத்துக்கு வருடம் ஒன்று, ஒவ்வொன்றும் முந்தையதைவிட 5 சதவீதம் கூடுதல். காத்திருக்க வேண்டாம் என்றால் மொத்தமாக 99.76 கோடி டாலர், வரி போவதற்கு முன். வென்றவர் அதைத்தான் வாங்கிக்கொண்டார்.

பாதிக்கும் குறைவாகக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்கள் என்று தோன்றுகிறதா? போட்டுப் பார்க்கலாம். முதல் தவணை ஏறக்குறைய 3.07 கோடி டாலர். இரண்டாவது அதைவிட 5 சதவீதம் அதிகம், ஆனால் ஒரு வருடம் கழித்து வரும். வட்டியும் 5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், அதை 1.05-ஆல் வகுத்ததும் மறுபடி 3.07 கோடியே கிடைக்கும். மூன்றாவதும் அப்படியே, முப்பதாவதும் அப்படியே. ஆக மொத்தம் 3.07-ஐ முப்பதால் பெருக்கினால் போதும்: சுமார் 92 கோடி. அவர்கள் கொடுத்ததோ கிட்டத்தட்ட 100 கோடி. அப்படியானால் அவர்கள் கணக்கில் வட்டி 5-ஐவிடக் கொஞ்சம் குறைவு. ஏறக்குறைய நாலரை சதவீதம். உண்மையில் பரிசுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்த பணமே அந்த 99.76 கோடிதான். தவணை வேண்டும் என்று கேட்டிருந்தால், அதை அரசாங்கக் கடன் பத்திரங்களில் போட்டு, அது வளர வளரக் கொடுத்திருப்பார்கள். விளம்பரத்தில் வந்த 204 கோடி, வளர்ந்த பிறகு வரும் தொகைகளை எல்லாம் ஒன்றாகக் கூட்டியது. உன் விடைத்தாளில் நீ செய்த அதே கூட்டல்.

இனி, தேர்வில் கேட்காத ஒன்று. எனக்கு இதுதான் பாடத்தின் உயிர். கேள்வித்தாள் வட்டி 8 சதவீதம் என்று கொடுத்துவிடுகிறது. வெளியே யாரும் கொடுக்க மாட்டார்கள், நீயேதான் முடிவு செய்ய வேண்டும்.

நம் 10 லட்சப் பரிசுக்காரரிடம் ஒருவர் வந்து, "தவணை எல்லாம் எனக்கு, உனக்கு இப்போதே ரொக்கமாக ஏழரை லட்சம்" என்கிறார். சேமிப்பு உள்ள குடும்பம், பணத்தை 8 சதவீதத்துக்குத்தான் போடப் போகிறது என்றால், விற்கக் கூடாது. 8,62,425 மதிப்புள்ளதை 7,50,000-க்குக் கொடுப்பதாகும். ஆனால் பரிசு விழுந்தவர் வீட்டில் நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு 8 லட்சம் கடன் இருக்கிறது என்று வைத்துக்கொள். மாதம் நூற்றுக்கு இரண்டு என்றால் வருடத்துக்கு 24. கையில் வருகிற ஒவ்வொரு ரூபாயும் கடனை அடைத்து 24 சதவீதத்தை மிச்சப்படுத்தும். அந்த வீட்டுக்கு வகுக்க வேண்டிய எண் 1.24. அப்படி வகுத்துக் கூட்டினால் அதே ஐந்து தவணைகளின் மதிப்பு 6,80,855-தான். அவர் ஏழரை லட்சத்தை வாங்கிக்கொள்வதே சரி.

இதையும் சோதிக்கலாம். தவணை வரவரக் கடனைக் கட்டினால் நாலு வருடம் கழித்து ஐந்தாவது தவணையையும் கட்டியபின் இன்னும் 2,81,683 ரூபாய் கடன் நிற்கும். ஏழரை லட்சத்தை இன்றே கட்டினால் 50,000 பாக்கி. அதைத் தொடாமல் விட்டால்கூட நாலு வருடத்தில் 1,18,211. பரிசு ஒன்றுதான், சீட்டு ஒன்றுதான். வீட்டைப் பொறுத்து விடை மாறுகிறது.

இங்கேயும் ஒரு எல்லை உண்டு. கடன் ஒரு லட்சம்தான் என்றால் முதல் தவணையிலேயே அடைந்துவிடும். அதற்குப் பிறகு 24-க்கு வேலை இல்லை, பழையபடி 8-தான். தவணை தருபவர் நாலு வருடமும் தவறாமல் தருவாரா என்பதும் சூத்திரத்தில் இல்லை. அந்தச் சந்தேகம் இருந்தால் இன்னும் பெரிய எண்ணால் வகுக்க வேண்டும்.

விடுமுறை முடிந்து வரும்போது இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டு வா. ஒருவருக்கு ஒரு புளியமரம். மூன்று வருடக் காய்ப்பையும் சேர்த்துக் குத்தகைக்கு விட்டால் வியாபாரி இன்றே 9,000 ரூபாய் தருகிறார். விடாமல் வைத்திருந்தால், பறிகூலி போக ஒவ்வொரு வருடக் கடைசியிலும் 4,000 ரூபாய் கிடைக்கும். வட்டி 8 என்று ஒரு முறை, 24 என்று ஒரு முறை போடு. முதல் பணம் எப்போது வருகிறது என்பதை முதலில் பார். இரண்டு விடைகளுக்கும் கீழே, மரக்காரர் குத்தகைக்கு விடலாமா கூடாதா என்று ஒரு வரி எழுது. அந்த ஒரு வரிக்குத்தான் நான் மதிப்பெண் போடப் போகிறேன்.

அன்புடன்,
உன் கணக்கு ஆசிரியர்