பாத்துக் குடுங்க அண்ணாச்சி

திருநெல்வேலி டவுன் ரத வீதியில் ஜவுளிக் கடைகள் வரிசைகட்டி நிற்கின்றன. ஆற்றுக்கு அக்கரையில் பாளையங்கோட்டை, அங்கே கல்லூரிகள். படிக்கிற பையன் விடுமுறை நாளில் கடையில் நின்று கைச்செலவுக்குச் சம்பாதிப்பது இந்த இரண்டு ஊருக்கும் நடுவே நெடுங்காலமாக நடக்கிற காரியம். மாறியிருப்பது வேலை கேட்கிற விதம். அதிலும் முக்கியமாகச் சம்பளம் கேட்கிற விதம்.

எண்பதுகளில் மாணவன் தானாகப் போய்க் கேட்க மாட்டான். அப்பாவோ மாமாவோ கூட்டிப் போவார்கள். கல்லாவில் இருக்கும் முதலாளிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, “அண்ணாச்சி, நம்ம பயதான். காலேஜ் லீவு நாள்ல சும்மா சுத்துதான். கடையில நிக்கட்டுமே” என்பார் அப்பா. பையன் பின்னால் நிற்பான், வாய் திறக்க மாட்டான். “என்ன எதிர்பாக்கீக?” என்று முதலாளி கேட்டால், அதற்கு ஊரறிந்த பதில் ஒன்றுதான்: “நீங்க பாத்துக் குடுங்க அண்ணாச்சி.” தொகையை வாய்விட்டுக் கேட்பது மரியாதைக் குறைவு. கேட்டால், அப்பாவுக்கும் முதலாளிக்கும் இருக்கிற பழக்கத்துக்கு விலை பேசுவது போல ஆகிவிடும்.

வெளியூர்ப் பையனாக இருந்தால் கார்டில் எழுதுவான். ‘மதிப்பிற்குரிய முதலாளி அவர்களுக்கு’ என்று தொடங்கி, குடும்பக் கஷ்டத்தைச் சொல்லி, ‘தாங்கள் கொடுப்பதைப் பெற்றுக்கொள்கிறேன்’ என்று முடிப்பான். எந்தெந்த நாள் வருவான், எத்தனை மணி வரை நிற்பான் என்பதெல்லாம் அதில் இருக்காது.

அந்த ஏற்பாட்டில் நல்லதும் இருந்தது. தீபாவளிக்குச் சட்டைத்துணி வரும். கல்லூரி திறக்கும்போது ஃபீஸுக்குப் பணம் போதவில்லை என்று அப்பா போய் நின்றால், கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுத்த முதலாளிகள் உண்டு. ஆனால் கணக்கு என்று ஒன்று கிடையாது. சேலை மடிப்பதில் தொடங்கி, டீ வாங்கி வருவது, பண்டல் தூக்குவது, இரவு ஷட்டர் இறக்குவது வரை எல்லாம் வேலைதான். இத்தனை மணி நேரத்துக்கு இவ்வளவு என்று யாரும் பேசியதில்லை என்பதால், குறைந்தாலும் கேட்க முடியாது. கேட்டால் அப்பாவின் முகம் கெடும்.

இன்று அந்தப் பையனின் மகனோ மகளோ முதலாளிக்கு வாட்ஸப்பில் எழுதுகிறார்கள். கடையின் நம்பர் போர்டிலேயே இருக்கிறது. ‘ஹாய் சார், வேலை இருக்கா? சேலரி எவ்ளோ?’ என்று ஒரே வரியில் சனிக்கிழமை மாலை கூட்ட நேரத்தில் வந்து விழுகிற செய்திக்குப் பெரும்பாலும் பதில் வராது. கீழே இருப்பது போன்ற குறிப்புக்குப் பதில் வரும்:

‘வணக்கம் சார். பாளையங்கோட்டையில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் காலை 10 மணி முதல் இரவு 8 மணி வரை உங்கள் கடையில் விற்பனை வேலை பார்க்க விரும்புகிறேன். போன ஆடித் தள்ளுபடியின்போது ஒரு செருப்புக் கடையில் கவுண்டரில் நின்றிருக்கிறேன். சில சனிக்கிழமைகளில் கல்லூரி உண்டு. அதை முந்தின வாரமே சொல்லிவிடுவேன். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரமும் தவறாமல் வருவேன். நவம்பரில் செமஸ்டர் தேர்வு நாட்களில் மட்டும் வர இயலாது. வார இறுதியில் வருபவர்களுக்கு ஒரு நாள் சம்பளம் எவ்வளவு, அதை வாரா வாரம் தருவீர்களா, மாதக் கடைசியிலா என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும். நேரில் எப்போது வரலாம் சார்?’

இதில் முதலாளியின் பயம் ஒவ்வொன்றுக்கும் பதில் இருக்கிறது. மாணவர்களை எடுக்க அவர்கள் தயங்குவதற்குக் காரணம் சம்பளம் அல்ல. தீபாவளிக் கூட்டத்தில் சொல்லாமல் நின்றுவிடுவார்கள் என்பதுதான். எப்போது வர முடியாது என்று முன்கூட்டியே சொல்பவரை நம்பலாம். சம்பளக் கேள்வி கடைசியில் வருகிறது, ஆனால் தெளிவாக வருகிறது. ‘எவ்வளவு கொடுத்தாலும் பரவாயில்லை சார்’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும், எண்பதுகளுக்கே திரும்பிவிடுவோம்.

பதில் வந்த பிறகுதான் உண்மையான கணக்கு. முழுநேர விற்பனையாளருக்கு அந்தக் கடையில் மாதம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதலாளி அதை 30-ஆல் வகுத்து, “ஒரு நாளைக்கு 500 ரூபாய் தம்பி” என்பார். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் முழுநேர ஆளுக்கு வார விடுமுறைக்கும் சேர்த்துத்தான் அந்த 15,000. அவர் கடையில் நிற்பது ஏறக்குறைய 26 நாள். ஆகவே 26-ஆல் வகுப்பதே சரி. நாளுக்கு 577 ரூபாய் வருகிறது. மாதத்துக்கு எட்டு நாள் என்றால் 4,000-க்கும் 4,616-க்கும் உள்ள வித்தியாசம் அது. ஒரு மாத பஸ் செலவு அதில் அடங்கிவிடும்.

நேரமும் பார்க்க வேண்டியது. காலை 10 முதல் இரவு 8 வரை, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் போக, ஒன்பது மணி நேர வேலை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-இல் வந்தது. அதன்படி ஒரு நாள் வேலை எட்டு மணி நேரம். அதற்கு மேல் நிற்கும் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி. 577 ரூபாயை எட்டால் வகுத்தால் மணிக்கு 72. ஒன்பதாவது மணிக்கு 144. அன்றைய கணக்கு 721 ரூபாய். முதலாளி இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால், சண்டை போடாமல் “ஏழு மணிக்குக் கிளம்பிக்கிறேன் சார்” என்று சொல்லலாம். நின்றுகொண்டே வேலை பார்ப்பது பற்றியும் ஒன்று: 2021-இல் இதே சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். அப்பா காலத்தில் உட்கார்ந்தால் திட்டு விழும்.

ஏமாற்றம் வரும் இடங்களும் இன்று வேறு. “ரெண்டு வாரம் ட்ரையல், அப்புறம் சம்பளம் பேசுவோம்” என்பது ஒன்று. அந்த இரண்டு வாரம் தீபாவளிக்கு முந்தைய வாரங்களாக இருந்தால், ட்ரையல் முடியும்போது சீசனும் முடிந்திருக்கும். முதல் மாதச் சம்பளத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, நின்ற பிறகு தருவதாகச் சொல்வது இன்னொன்று. குறைகிற சரக்கை விற்பனையாளர் தலையில் கட்டுவது மூன்றாவது. இவை மூன்றையும் வேலையில் சேரும் முன்பே கேட்டுத் தீர்த்துவிட வேண்டும். ஆதார் ஜெராக்ஸ் கேட்டால் கொடுக்கலாம். மதிப்பெண் சான்றிதழின் ஒரிஜினலைக் கேட்டால் கொடுக்கக் கூடாது.

மாறாததும் ஒன்று உண்டு. இத்தனை எழுதியும், “அப்பா நம்பர் குடு தம்பி, ஒரு வார்த்தை பேசிக்கிறேன்” என்று முதலாளி கேட்கத்தான் செய்வார். அதில் தப்பில்லை. யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துகொள்வது அவர் உரிமை. சம்பளப் பேச்சை மட்டும் அப்பாவிடம் விட்டுவிடாதீர்கள். அவர் பழைய ஆள். பாத்துக் குடுங்க என்று சொல்லிவிடுவார். நாள் சம்பளம், நேரம், பணம் தரும் தேதி மூன்றும் முதலாளியின் பதிலில் எழுத்தில் வந்த பிறகே கவுண்டருக்குப் போங்கள்.