கீரைக்கட்டுக்கு 22 லட்சம்

கல்யாணச் சமையல் காண்ட்ராக்டர் ஒருவர் மண்டிக்காரரிடம் விலை கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வாட்ஸ்அப்பில் பதில் வருகிறது: தக்காளி 20-25, சின்ன வெங்காயம் 50–60, முருங்கைக்காய் ரூ.100-120, பூசணி 15, கீரைக்கட்டு 8-10. அதை அப்படியே எக்செல்லில் ஒட்டி, பக்கத்தில் தேவையான அளவைப் போட்டுப் பெருக்குகிறார். தக்காளிக்கு விடை இல்லை, `#VALUE!` என்று வருகிறது. வெங்காயத்துக்கும் முருங்கைக்கும் அதேதான். வரம்புவிலைகளில் கீரைக்கு மட்டும் விடை வருகிறது: 50 கட்டு, 22,78,650 ரூபாய்!

நடந்தது இதுதான். ‘20-25’ என்பது எக்செல்லுக்கு எண் அல்ல, நடுவே ஒரு கோடு கிடக்கும் எழுத்து வரிசை. அதைப் பெருக்க முடியாது. ஏறுவரிசையில் அடுக்கச் சொன்னாலும் ‘100-120’ மேலே போய், ‘20-25’ அதற்குக் கீழே நிற்கும். எழுத்தாகப் பார்த்தால் 2-க்கு முன்னால் 1 வருமல்லவா. ஆனால் ‘8-10’ தேதி போலத் தெரிகிறது. இந்திய அமைப்பில் உள்ள கணினி அதை அக்டோபர் 8 என்று எடுத்துக்கொள்கிறது. எக்செல் தேதியை 1900 ஜனவரி 1 முதல் எண்ணி வரும் நாள் கணக்காகத்தான் உள்ளே வைத்திருக்கும். 2024-ல் ஒட்டியிருந்தால் அந்த எண் 45573. அதைத்தான் 50-ஆல் பெருக்கிக் கொடுத்தது. பட்டியலில் முரண்டு பிடிக்காமல் விடை சொன்ன ஒரே வரம்புவிலை தப்பாகச் சொல்லியிருக்கிறது. பிழை என்று கத்தும் கட்டத்தைவிட இதுதான் ஆபத்து.

தேதியாக மாறிய பிறகு கட்டத்தின் வடிவத்தை மாற்றினால் 8-10 திரும்பி வராது, 45573 என்றுதான் காட்டும். ஆகவே ஒட்டுவதற்கு முன்பே விலை வரும் பத்தி முழுவதையும் தேர்ந்தெடுத்து, அதன் வடிவத்தை `Text` என்று மாற்றிவிட வேண்டும். அந்தப் பத்தியை அதற்குப் பிறகு தொடக்கூடாது. பிரிக்கும் வேலையெல்லாம் பக்கத்துப் பத்திகளில்.

விலை A பத்தியில் இருந்தால், B-யில் முதலில் சுத்தம் செய்யும் சூத்திரம்:

```
=SUBSTITUTE(SUBSTITUTE(SUBSTITUTE(A2,UNICHAR(8211),"-"),"ரூ.","")," ","")
```

8211 என்பது நீளக்கோட்டின் எண். வெங்காய விலையை இன்னொரு முறை பாருங்கள். அங்கே இருப்பது சாதாரணக் கோடு அல்ல. கைபேசிகள் சில நேரம் தாமாகவே இப்படி மாற்றிவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், எக்செல்லுக்கு வேறு வேறு. ‘ரூ.’ என்பதைப் புள்ளியோடு சேர்த்தே எடுக்க வேண்டும். எழுத்தை மட்டும் எடுத்து ‘.100’ என்று விட்டால் நூறு ரூபாய் முருங்கைக்காய் பத்துப் பைசாவுக்கு இறங்கிவிடும்.

அடுத்து C-யில் குறைந்த விலை, D-யில் கூடிய விலை:

```
=IFERROR(VALUE(LEFT(B2,FIND("-",B2)-1)),VALUE(B2))
=IFERROR(VALUE(MID(B2,FIND("-",B2)+1,20)),VALUE(B2))
```

கோட்டுக்கு இடப்பக்கம் இருப்பது ஒன்றில், வலப்பக்கம் இருப்பது மற்றொன்றில். கோடே இல்லாத பூசணிக்கு இரண்டிலும் 15. ‘40 முதல்’ என்று யாராவது எழுதியிருந்தால் இரண்டு கட்டத்திலும் பிழை காட்டும், நல்லதுதான். அங்கே குறைந்த விலையில் 40 போட்டு, கூடிய விலையை வெறுமையாக விட வேண்டும். சுழியம் போட்டால் அது ஒரு விலையாகிவிடும்.

இன்னொரு சிக்கல் நம் பேச்சுவழக்கில் இருந்து வருவது. ‘நூத்தி இருபது முப்பது’ என்பதை மண்டிக்காரர் 120-30 என்று எழுதுவார். மனிதருக்கு அது 130 என்று புரியும். சூத்திரமோ 30 என்று எழுதிவைக்கும். E-யில் `=C2>D2` என்று போட்டு, `TRUE` வரும் வரிகளை மட்டும் கையால் திருத்தினால் போதும்.

இப்போது கணக்குக்கு வருவோம். தக்காளி 40 கிலோ, வெங்காயம் 30, முருங்கை 10, பூசணி 25, கீரை 50 கட்டு. குறைந்த விலையில் கூட்டினால் 4,075 ரூபாய், கூடிய விலையில் 4,875. கீரையின் பங்கு 400-லிருந்து 500 வரை.

நடு விலையைப் போட்டு 4,475 என்று சொல்லிவிடலாமே என்று தோன்றும். மத்திய அரசின் அக்மார்க்நெட் சந்தை நிலவரத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் குறைந்த விலை, கூடிய விலை ஆகியவற்றோடு மூன்றாவதாக ஒரு விலையும் குவிண்டால் கணக்கில் தனிப் பத்தியில் இருக்கும்: அன்று பெரும்பாலான சரக்கு எந்த விலைக்குப் போனதோ அது. வந்த சரக்கில் முக்கால்வாசி முதல்தரம் என்றால் அது உச்சவிலைக்குப் பக்கத்தில் நிற்கும், பெரும்பகுதி அடிபட்ட சரக்கு என்றால் கீழே இறங்கும். ‘20-25’ என்று மட்டும் வந்த செய்தியில் அந்த விவரம் கிடையாது. காண்ட்ராக்டர் 4,875-ஐ வைத்துத்தான் கல்யாண வீட்டாரிடம் பேசுவார்.